பேசிக் குறைத்த கிராபிக்ஸ் கார்டு

திரை கறுத்தது. ஒரு நொடி கழித்து, மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டிக்குள் காற்றாடிகள் அலறத் தொடங்கின. களத்தில் நெல் தூற்றும் விசிறியைக் கொண்டுவந்து காதோரம் வைத்ததுபோல ஒரு சத்தம்.

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்தாள்.

"இன்னாடி அது? வெடிச்சிடப் போவுதுடி!"

சுவிட்சை அணைத்தேன். சத்தம் அடங்கியது. பெட்டியின் பின்பக்கத்தில் கை வைத்தேன். வெந்நீர்ச் சொம்பைத் தொட்டதுபோல் சுட்டது. லேசாகப் பிளாஸ்டிக் வாடை வந்தது.

அன்று பிற்பகலில் மட்டும் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் படம் பாதி முடிந்த இடத்தில்தான். அந்த கிராபிக்ஸ் கார்டு எங்கள் வீட்டுக்கு வந்து முழுதாக ஏழு நாள் ஆகவில்லை. அண்ணனுடைய சேமிப்பும் என்னுடைய சேமிப்பும் சேர்ந்து அதற்குள் இருந்தன.

'ஏமாற்றிவிட்டான்' என்று நினைத்தேன். யார் என்பதில்தான் அன்று தவறிவிட்டேன்.

போன வாரம் பாலிடெக்னிக் விடுதியில் சாம்பாருக்குச் சண்டை போட்ட கதையை இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் அண்ணன் ஏகாம்பரம், "என்னப் பத்தி எதுவும் எய்திடாத" என்றான். எழுதத்தான் போகிறேன். அவனிடம் நேரில் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது.

கட்டாத வீட்டின் படம்

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்வார்கள். வீடு எப்படி இருக்கும் என்று ஒரு வண்ணப் படம் போட்டு, ஃப்ளெக்ஸில் அடித்து, காலி மனையில் இரண்டு கம்பு நட்டுக் கட்டிவிடுவார்கள். முள்செடியும் ஆடும் இருக்கும் இடத்தில், கண்ணாடிப் பால்கனியும் வாசலில் நிற்கும் காரும் வெயிலில் மின்னும். பாதிப் பேரிடம் கார் கிடையாது. படத்தில் நிற்க வேண்டும். அதற்கு 'எலிவேஷன்' என்று பெயர்.

அந்தப் படங்களைப் போடுகிறவள் நான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நைனா இன்றும் கைநாட்டு. அண்ணன் எட்டாவதோடு நின்றான். நான் சிவில் டிப்ளமோ முடித்தேன். இதை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன், இப்போதும் சொல்லிவிட்டேன்.

பொறியாளர் கோட்டுப்படம் கொடுப்பார். அதை வைத்துக் கணினியில் வீட்டை எழுப்பி, சுவருக்கு நிறம் கொடுத்து, புல் விரித்து, மரம் வைத்து, வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. பிறகு கணினியின் வேலை. ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கணக்குப் போட்டு, கட்டம் கட்டமாகப் படத்தை நிரப்பும்.

என் பழைய கணினிக்கு ஒரு படத்துக்கு ஏழு மணி நேரம் ஆனது. நடுவில் கரண்டு போனால் முதலிலிருந்து.

அந்த நேரத்தில்தான் பொறியாளர் ஒரு பெரிய வேலை கொடுத்தார். சாலவாக்கம் போகும் சாலையில் ஒரு மனைப்பிரிவு. பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு மூன்று கோணம், மொத்தம் முப்பத்தாறு படங்கள். இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை அவர் கையில் இருக்க வேண்டும். "முடியலன்னா இப்பவே சொல்லிடும்மா, காஞ்சிபுரத்துல ஆள் இருக்கு" என்றார்.

முடியும் என்று சொல்லிவிட்டு வந்துதான் கணக்குப் போட்டேன். வீடுகளை வரையவே ஒரு வாரம் போய்விடும். அதற்குப் பிறகு கணினி பத்து நாள் அணையாமல் ஓட வேண்டும். வரைவதை விடுங்கள், எங்கள் ஊர் கரண்டு அதற்குச் சம்மதிக்காது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெருமுனையில் காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வேன் ஒன்று வரும். என்னோடு படித்த நான்கு பேர் அதில் ஏறுகிறார்கள். நான் இரண்டு முறை மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை சொல்ல என்னிடம் காரணம் இருக்காது.

வழி ஒன்றுதான். அந்தக் கணக்கைப் பத்து இருபது மடங்கு வேகமாகப் போடும் ஒரு கிராபிக்ஸ் கார்டு. புதியது எங்கள் கைக்கு எட்டாது. பழையது.

அண்ணனின் மூக்கு

அண்ணன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறான். எரிந்த மோட்டாரைத் திறக்காமலேயே முகர்ந்து பார்த்து எத்தனை காயில் போயிருக்கும் என்று சொல்வான். கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று வருகிறவர்களை அவன் திட்டும் விதம் தெருவுக்கே மனப்பாடம்.

"மெல்லிசு வயர அர கிலோமீட்டருக்கு இயுத்துக்கினு போயி மாட்டனா, கடைசில மோட்டாருக்கு இன்னா மிஞ்சும்? எப்டி எடுக்கும்? மோட்டார் மேல பழி போடாத, வயர மாத்து."

காயில் சுற்றுகளை எண்ணும் மெஷின் ஒன்று வாங்க அவன் இரண்டு வருடமாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்பதாயிரம் இருந்தது. என்னிடம் பதினொன்றரை. நான் கேட்டபோது அவன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பழசா வாங்கப் போற?"

"ஆமா."

"பழசுன்னா ஒரே ரூலுதான். சொம்மா ஓடறதப் பாத்து வாங்காத. லோடு குடுத்துப் பாரு. தண்ணியில்லாத கெணத்துல எல்லா மோட்டாரும்தான் ஓடும்."

பணம் தருவதாக அவன் சொன்ன விதம் அதுதான்.

நான் பிரித்தேன். கார்டுக்குப் பதினாறாயிரம். மீதி நாலாயிரத்து ஐந்நூறு ஒரு நல்ல பவர் சப்ளைக்கு. என் பழைய பெட்டியில் இருந்த சப்ளை அந்தக் கார்டைத் தாங்காது. வெறுமனே மாட்டவும் முடியாது; கார்டுக்குத் தனியாக எட்டு ஊசிச் செருகி ஒன்று வேண்டும். பழைய சப்ளையில் அது கிடையாது. கார்டை வாங்குவது என் பொறுப்பு, சப்ளையை வாங்கி மாட்டுவது அண்ணன் பொறுப்பு என்று முடிவாயிற்று. ஸ்க்ரூடிரைவர் அவன் கையில் இருந்தால் நான் தொட மாட்டேன்.

ராஜகுளத்து மாடி

பழைய பொருள் விற்கும் செயலியில் பிடித்த ஆள் அவர். பெயர் தினகரன், முப்பது வயது இருக்கும். ராஜகுளத்தில் ஒரு மாடி அறை. பன்னிரண்டு ஜிபி நினைவகம் உள்ள கார்டு, பதினெட்டாயிரம் என்று போட்டிருந்தார். பைக்கில் வாலாஜாபாத் வழியாகப் போனோம். வாங்கினால் பெட்டியைக் கட்டிவர அண்ணன் ஒரு நைலான் கயிறு எடுத்துக்கொண்டான்.

உள்ளே நுழைந்ததும் நான் பரணைப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு அட்டைப்பெட்டிகள், காலியாக, ஆறு. கேம் விளையாடுகிறவருக்கு ஆறு கார்டு எதற்கு? வரிசையாக ஆறு கார்டை மாட்டி, மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடவிட்டு பிட்காயின் மாதிரி இணையக் காசு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி வறுத்தெடுத்த கார்டுகளைத்தான் பிறகு துடைத்து, 'வீட்டில் மெதுவாகப் பயன்படுத்தியது' என்று விற்பார்கள்.

"ஏன் விக்கிறீங்க?" என்றேன்.

"கல்யாணம் வருது மேடம். வெளையாட நேரமில்ல."

சுவரில் கல்யாணப் பத்திரிகையும் இல்லை, ஒன்றும் இல்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முதலில் அதன் வரிசை எண் ஒட்டியிருந்த இடத்தைக் கைபேசியில் படம் பிடித்தேன், அவர் முகத்துக்கு நேராகவே. பெட்டியில் கட்டிக் கொடுக்கும்போது வேறு கார்டை வைத்துவிடக் கூடாது. அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

அண்ணன் அதை வாங்கித் திருப்பினான். "திருகாணில கீறல் கீது. தொறந்துருக்காங்க."

"நான்தாண்ணா தொறந்தேன். உள்ள பேஸ்ட் காஞ்சிருந்தது, புதுசு வெச்சேன். சூடு கம்மியாவும்."

அண்ணன் மூக்கருகே கொண்டுபோனான். முகர்ந்தான். அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எரிஞ்ச வாட இல்ல," என்றான் அண்ணன். "ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிருக்காரு."

நினைவகச் சில்லுகளின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விளக்கில் பார்த்தேன். நீண்ட நாள் கடும் சூட்டில் ஓடியிருந்தால், சில்லுகளுக்கு மேல் வைக்கும் மெத்தைகளிலிருந்து எண்ணெய் வழிந்திருக்கும். துளி பளபளப்பு இருந்தது. இருந்ததா, என் சந்தேகமா, தெரியவில்லை.

மாட்டி ஓடவிட்டோம். கார்டின் உள்விவரம் காட்டும் சிறு மென்பொருளைத் திறந்து, பெயர், நினைவக அளவு, கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் எழுதிவைத்திருந்த தாளோடு ஒப்பிட்டேன். பழைய சின்னக் கார்டின் மென்பொருளைத் திருத்தி, பெரிய கார்டின் பெயரைச் சொல்ல வைக்கும் வேலையும் நடக்கிறது. இது பெயருக்கேற்ற கார்டுதான்.

"ஒரு கேம் போட்டுக் காட்டவா?" என்றார்.

"வேணாம். என் ஃபைல் கொண்டாந்திருக்கேன்."

பென் டிரைவில் இருந்தது என் அதிக பாரமான வீடு. புல் மட்டும் லட்சக்கணக்கான இழைகள். கேம் என்றால் நினைவகத்தில் பாதியைக்கூடத் தொடாமல் ஓடிவிடும். ஏதாவது ஒரு சில்லு கெட்டிருந்தால், அந்த இடம் வரை நிரம்பும்போதுதான் தெரியும். என் வீடு ஒன்பது ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் அண்ணன் சொன்ன தண்ணீர் இருக்கும் கிணறு.

அரை மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடியது. சூடு எழுபத்து இரண்டு டிகிரியில் நின்றது. படத்தில் ஒரு புள்ளி பிசகவில்லை. ஏழு மணி நேரப் படம் பதினான்கு நிமிடத்தில் வந்து நின்றபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

படியிறங்கிய பெருமை

"பதினாறு," என்றேன்.

"பதினெட்டுக்குக் கொறஞ்சி வராது மேடம்."

"திருகாணி கீறியிருக்கு. கியாரண்டி முடிஞ்சிருக்கு. பரண்மேல ஆறு பெட்டி இருக்கு."

கடைசிச் சொல்லில் அவர் காது சிவந்தது. "அப்போ வேணாம், விடுங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். விறுவிறுவென்று படி இறங்கி பைக் அருகே போய் நின்றேன். பின்னாலேயே வந்த அண்ணன் பாதியில் நின்று, "கயித்த மேலயே வுட்டுட்டேன்" என்று திரும்பி ஏறினான்.

இரண்டு நிமிடம் இருக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் தினகரன் எட்டிப் பார்த்தார்.

"சரி மேடம், பதினாறுக்கே எடுத்துக்கோங்க."

அந்தக் கணம் எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வேண்டும். பேரம் என்றால் எழுந்து போகத் தெரிய வேண்டும் என்று வழிநெடுக அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். அம்மாவிடம் சொன்னேன். நைனாவிடம் இரண்டு முறை சொன்னேன். மோட்டார் கடையில் அண்ணனுடைய முதலாளி எதிரிலேயே, "படிச்சிருந்தா ஏமாத்த முடியாதுண்ணா" என்றேன். அண்ணன் காயிலுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் நான் பொறியாளர் அலுவலகம் போயிருந்தபோது சப்ளையை வாங்கி வந்து எல்லாவற்றையும் மாட்டி, மூடியைத் திருகி வைத்திருந்தான்.

"பில்லு?"

"கடையிலயே வுட்டுட்டேன் போல."

மறுபடியும் அந்தப் பிற்பகல்

வீடுகளை வரைவதில் ஆறு நாள் போயிற்று. அதற்குக் கார்டு பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. வியாழனுக்கு ஆறு நாள் இருக்கையில் முதல் முழுப் படத்தைப் போட்டேன். திரை கறுத்தது.

கார்டைக் கழற்றி வரிசை எண்ணைக் கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டேன். அதே எண்தான். மாற்றவில்லை. அப்படியானால் கார்டு நாலு நாள்கூடத் தாங்காது என்று தெரிந்தே தள்ளிவிட்டாரா? பதினாறுக்கு இறங்கியதே அதனால்தானா? நல்ல பொருளுக்கு யார் இரண்டே நிமிடத்தில் இரண்டாயிரம் குறைப்பார்கள்?

அந்த எண்ணம் வந்ததும் எல்லாம் பொருந்தியது. ஆறு பெட்டி. ஸ்பிரிட் வாடை. பத்திரிகை இல்லாத கல்யாணம்.

கார்டைத் திரும்ப மாட்டி, அதன் அளவீடுகளை நொடிக்கு நொடி கோப்பில் பதிய வைக்கும்படி அந்தச் சிறு மென்பொருளிடம் சொல்லிவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். மறுபடி கறுத்தது. பதிவான கடைசி வரிகளைக் கைபேசியில் படம் எடுத்தேன். சூடு அறுபத்து எட்டு. அது அதிகம் இல்லை. மற்ற எண்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. திருடன் யார் என்று முடிவு செய்த பிறகு யார் தடயத்தைப் படிக்கிறார்கள்?

அண்ணன் வந்ததும் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் பெட்டியையே பார்த்தான்.

"லோட கொஞ்சம் கம்மி பண்ணிக்கினு ஓட்டேன்."

"கம்மி பண்ணவா வாங்கினோம்? நாளைக்கு ராஜகுளம் போலாம், வா. சட்டையப் புடிச்சிக் கேக்கணும்."

"அங்கலாம் போவாத. நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துக்குவ?"

"பாத்துக்கறேன்னு சொன்னா வுடேன்!" என்று வெளியே போய்விட்டான்.

மோட்டாரில் ஒரு பழுது வந்தால் சோற்றைக்கூட மறக்கிற ஆள் இவன். இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கயிறு எடுக்கப் போனவன் மேலே இரண்டு நிமிடம் என்ன செய்தான்? பில் எங்கே? அந்த ஆளோடு ஏதாவது பேசி வைத்திருக்கிறானா, கமிஷன் ஏதும் வாங்கினானா?

என் சொந்த அண்ணனைப் பற்றி இப்படி நினைத்தேன். எழுதவே கூசுகிறது. ஆனாலும் நினைத்தேன்.

தனியாக

மறுநாள் அண்ணன் சாலவாக்கத்தில் ஒரு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் தூக்கப் போயிருந்தான். நான் மூடியைத் திறந்து, எட்டு ஊசிச் செருகியை உருவி, கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். செருகியை மட்டும்தான் பார்த்தேன். அதன் வயர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. காஞ்சிபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ராஜகுளம்.

தினகரன் கதவைப் பாதிதான் திறந்தார்.

"கியாரண்டி கெடையாதுன்னு அன்னிக்கே சொன்னனே மேடம்."

"கெட்டுப்போன கார்ட குடுத்துட்டு கியாரண்டி பேசறீங்களா?"

என் கையிலிருந்து வாங்கியவர் முதலில் செய்தது, தன் கைபேசியில் எதையோ தேடி, கார்டின் வரிசை எண்ணோடு ஒப்பிட்டதுதான். அவரும் எண்ணைக் குறித்து வைத்திருந்தார். நான் வேறு கார்டைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

மாட்டினார். என் பென் டிரைவிலிருந்து, வீட்டில் கறுத்த அதே படத்தை நானே ஓடவிட்டேன். பத்து நிமிடம். இருபது. நாற்பது. கார்டு தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு ஓடியது. கறுக்கவே இல்லை.

"வூட்டுல எடுத்த அளவு எதுனா கீதா?" என்றார்.

கைபேசிப் படத்தைக் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கி ஒரு வரியில் நிறுத்தினார்.

"இத்தப் பாருங்க. எட்டு ஊசில வர்ற வோல்டேஜ். சொம்மா இருக்கும்போது பன்னெண்டு. லோடு ஏற ஏற பதினொண்ணர, பதினொண்ணு கால், பதினொண்ணு. அங்கதான் நின்னுடுச்சி. இங்க பாருங்க." தன் திரையைக் காட்டினார். முழு லோடில் பன்னிரண்டுக்கு ஒரு இழைதான் குறைவு. "கார்டு நல்லாத்தான் கீது. அதுக்குச் சோறு போறல."

"என் அண்ணன் மோட்டார் மெக்கானிக். கரண்டு பத்தி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். புது சப்ளை. நாலாயிரத்து ஐந்நூறு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நாலாயிரத்து ஐநூறுக்கா? அந்தப் பணத்துல இருந்துதான எனக்கு ரெண்டாயிரம் குடுத்தாரு?"

"எந்த ரெண்டாயிரம்?"

"கயிறு எடுக்க வந்தாரே, அன்னிக்கு. 'தங்கச்சிகிட்ட பதினாறுன்னே சொல்லு பாஸ், மீதிய நான் தரேன், அது பேசிக் கொறைச்சதாவே இருக்கட்டும்'னாரு. சப்ளைக்கு வெச்சிருந்ததுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. நான்தான், அப்போ சப்ளைக்கு இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'அத்த நான் பாத்துக்கறேன்'னாரு."

அவருடைய நாற்காலியில் பாதியில் ஒரு துணிமூட்டை இருந்தது. மீதிப் பாதியில் உட்கார்ந்தேன். மோட்டார் கடையில், அண்ணனுடைய முதலாளி எதிரில், நான் சொன்ன வாசகம் காதுக்குள் ஓடியது. அவன் தலை நிமிராமல் நூல் கட்டிக்கொண்டிருந்தான்.

தினகரன் பரணில் ஏறி ஒரு பழைய சப்ளையை எடுத்தார். தூசு தட்டினார். "இதுல கார்டுக்குன்னே தனி வயர் கீது. வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுங்க."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைபேசியை எடுத்து சப்ளையின் வரிசை எண்ணைப் படம் பிடித்தார்.

"அத்தக் கையில புடிச்சிக்கினு நில்லுங்க மேடம். மூஞ்சும் தெரியணும்."

நின்றேன். வேறென்ன செய்வது?

படியிறங்கும் முன் கேட்டேவிட்டேன். "அந்த ஆறு பெட்டி?"

"ஓட்டுனேன். கரண்டு பில்லு வந்துச்சி, நிறுத்திட்டேன். அந்த ஆறும் வித்துப்போச்சி. இது நான் வெளையாடுனது." கொஞ்சம் யோசித்தார். "நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

இன்றுவரை எனக்கு அது தெரியாது.

மஞ்சள் ஸ்லீவ்

வீட்டுக்கு வந்து எட்டு ஊசிச் செருகியின் வயரை விரலால் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனேன்.

நான்கு விரல் தூரம்தான் செருகியோடு வந்த வயர். அதற்கப்புறம் மஞ்சள் ஸ்லீவ், மோட்டார் காயிலின் முனைகளில் போடுவார்களே, அந்த உறை. மேலே வெள்ளை நூல் சுற்றி, இரண்டு முடிச்சு, முடிச்சின் மேல் வார்னிஷ். அந்த முடிச்சை எங்கே பார்த்தாலும் தெரியும். அது அண்ணன் கை.

சப்ளையும் புதியதில்லை. மீதி இரண்டாயிரத்து ஐந்நூறில் வாங்கிய, கார்டுக்கான செருகியே இல்லாத பழைய சப்ளை. ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்டு கொடுக்கும் வயரை வெட்டி, எட்டு ஊசிச் செருகியின் முனை ஒன்றை எங்கிருந்தோ பிடித்து, இரண்டையும் பற்றவைத்துச் சேர்த்திருந்தான். மூன்று வயர்கள் பகிர வேண்டிய கரண்டு, ஹார்டு டிஸ்க்கையும் தாண்டி வரும் ஒற்றை மெல்லிய வயரில் வந்துகொண்டிருந்தது. லோடு ஏறினால் வழியிலேயே வோல்டேஜ் வடியும். கடைசியில் கார்டுக்கு என்ன மிஞ்சும்?

வயரின் மேல்தோல் ஓரிடத்தில் மிருதுவாகிப் பழுத்திருந்தது. அன்றைய பிளாஸ்டிக் வாடை அதுதான். இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

பற்றவைத்த இடங்கள் மட்டும் வெள்ளிக் குண்டுமணிபோல் சுத்தமாக இருந்தன.

எல்லாவற்றையும் கழற்றினேன். அண்ணன் மாட்டியதை நான் முழுதாகப் பிரித்தது அதுதான் முதன்முறை. தினகரனின் சப்ளையை வைத்து, தனி வயரைக் கார்டில் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். படத்தை ஓடவிட்டேன். கீழே அந்த வோல்டேஜ் வரியைக் கண்கொட்டாமல் பார்த்தேன். பன்னிரண்டை விட்டு அதிகம் நகரவில்லை.

கரண்டு வெட்டும் திருத்தங்களும் போக, முப்பத்தாறு படங்களும் புதன்கிழமை பிற்பகலே முடிந்தன. பொறியாளர் அடுத்த மனைப்பிரிவையும் கொடுத்தார். அந்தப் பணத்தில் புது சப்ளை வாங்கியதும், ராஜகுளம் போய்ப் பழையதைத் திருப்பிக் கொடுத்ததும், அவர் அதன் வரிசை எண்ணை மறுபடி சரிபார்த்ததும் தனிக் கதை. நான் சொல்ல வந்தது அந்த மாலையை.

அண்ணன் சேறு படிந்த காலோடு உள்ளே வந்தான். பெட்டியின் மூடி திறந்திருந்ததைப் பார்த்தான். மேசைமேல் மஞ்சள் ஸ்லீவ் போட்ட அந்த வயர் சுருண்டு கிடந்ததைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"கட்டு சுத்தமா கீதுண்ணா," என்றேன். "ஆனா மெல்லிசு வயர அர கிலோமீட்டருக்கு இயுத்தா மோட்டார் எப்டி எடுக்கும்?"

அவன் காலைத் தரையில் தேய்த்தான். காய்ந்த சேறு உதிர்ந்தது.

"ஆம்ப்ஸ் கணக்குப் போட்டேன். டிஸ்க்க கணக்குல சேக்கல," என்றான். பிறகு குனிந்து நான் மாற்றி வைத்திருந்த சப்ளையைத் தட்டினான். "இது ஏது?"

"ராஜகுளத்துக்காரரு குடுத்தாரு."

அவன் கை நின்றது.

"எவ்ளோவாம்?"

எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது; அவன் கேட்ட விதத்தில் அது எனக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம். இரண்டாயிரம் என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"காசே வாங்கல," என்றேன். "பேசிக் கொறைச்சேன்."

அண்ணன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த மஞ்சள் ஸ்லீவ் வயரை எடுத்து, கடையில் செய்வதுபோலவே நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீ பேசனா கொறைப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.